துணி சுடுவதை நிறுத்தாது

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரைக்கால் சட்டையும் தட்டையான இரும்புத் தொப்பியும் அணிந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் நால்வர், ஒரு ஜப்பானிய அதிகாரியோடு சாலையில் நடந்து வருகிறார்கள். ஒருவர் தோளில் பிரிட்டிஷ் கொடி, இன்னொருவர் தோளில் வெள்ளைக் கொடி. 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை மாலை, புக்கிட் தீமாவிலுள்ள ஃபோர்டு கார் தொழிற்சாலையை நோக்கிய நடை அது. ஜொகூருக்குப் போகும் 170ஆம் எண் பேருந்தில் போனால் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நானும் பல வருடங்களாகத் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் வரலாற்றுப் பாடத்துக்காக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, இவங்கள யாரும் சுடலையா?" என்றாள்.

"வெள்ளைக் கொடி இருக்கே."

"அது வெறும் துணிதானம்மா. ஒரு வாரமா சுட்டுக்கிட்டே இருக்கிறவன் துணியப் பாத்ததும் எப்படி நிறுத்துவான்?"

அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள், கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. தோல்வியைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றனவா, தவறு யாருடையது என்றெல்லாம் இன்றும் வாதாடுகிறார்கள். நான் தேடியது அதையல்ல. அந்த நாலு பேர் எப்படி உயிரோடு அந்தச் சாலையில் நடக்க முடிந்தது என்பதை மட்டும்தான்.

விஷயம் அன்று காலையில் தொடங்கவில்லை, நான்கு நாள் முன்னதாகத் தொடங்கியது. பிப்ரவரி 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டுகளோடு கடிதங்களையும் போட்டன. ஜெனரல் யமாஷிதா, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலுக்கு எழுதிய சரணடையும் அழைப்பு அது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது மிரட்டல் அல்ல, வழிகாட்டல். ஒப்புக்கொண்டால் தூதரை அனுப்புங்கள், அவர் புக்கிட் தீமா சாலை வழியாக வரட்டும், பெரிய வெள்ளைக் கொடியும் பிரிட்டிஷ் கொடியும் ஏந்தி வரட்டும் என்று அதில் எழுதியிருந்தது. படத்தில் ஏன் இரண்டு கொடிகள் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. பெர்சிவல் பதில் அனுப்பவில்லை. ஆனாலும் எந்தச் சாலை, என்ன அடையாளம் என்பது அன்றைக்கே இரு தரப்புக்கும் தெரிந்துவிட்டது. எதிரியின் முன்வரிசையை எந்த இடத்தில் அணுகினால் சுடாமல் பார்ப்பார்கள் என்பதே இந்த வேலையின் முதல் சிக்கல். அந்தச் சிக்கலைத் தன்னை அறியாமலே அந்தக் கடிதம் தீர்த்து வைத்திருந்தது.

வெள்ளைக் கொடி என்றால் சரணடைவது என்றுதான் நாம் நினைக்கிறோம். போர்ச் சட்டத்தில் அதன் பொருள் அதைவிடச் சிறியது: உங்களோடு பேச வேண்டும், அவ்வளவே. 1907ஆம் ஆண்டு ஹேக் நகரில் நாடுகள் ஏற்றுக்கொண்ட விதிகளில் இது வருகிறது. பிரிட்டனும் ஜப்பானும் அதை ஏற்ற நாடுகள். தன் தளபதியின் அனுமதியோடு, வெள்ளைக் கொடி ஏந்தி, எதிரியோடு பேச முன்னே வருபவரே தூதர். அவரைத் தொடக் கூடாது. அவரோடு வரும் கொடிபிடிப்பவர், மொழிபெயர்ப்பாளர், எக்காளம் அல்லது முரசு அடிப்பவர் ஆகியோரையும் தொடக் கூடாது. எக்காளக்காரர் எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. புகையிலும் மரங்களுக்கிடையிலும் துணி தெரியாது, சத்தம் கேட்கும். ஆள் தெரிவதற்கு முன்பே 'யாரோ பேச வருகிறார்கள்' என்று காதுக்குச் சொல்லிவிட வேண்டும். கோட்டை முற்றுகைக் காலத்தில் மதில் மேல் நின்று முரசறைந்து பேச்சுக்கு அழைத்ததன் மிச்சம் அது.

அதே விதிகள் எதிர்த்தரப்புக்கும் சில உரிமைகளைக் கொடுக்கின்றன. தூதர் வந்தால் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றில்லை, திருப்பி அனுப்பலாம். அவர் வேவு பார்த்துவிடாமல் தடுக்கலாம். கண்ணைக் கட்டி அழைத்துப் போகும் பழைய வழக்கம் அதற்காகத்தான். வந்த இடத்தில் அவர் தன் நிலையைத் தவறாகப் பயன்படுத்தினால் கொஞ்ச காலம் நிறுத்தியும் வைக்கலாம். துரோகச் செயலில் இறங்கியது உறுதியானால் அவருக்கான பாதுகாப்பே போய்விடும். நமக்கு இது புதிதல்ல. தூதனைக் கொல்லக் கூடாது என்று விபீஷணன் சொன்னதால்தான் ராவணன் அனுமனின் வாலில் தீ வைப்பதோடு நிறுத்திக்கொண்டான். விதியை மீறாமல் விதிக்குள்ளேயே சந்து தேடுவது ரொம்பப் பழைய பழக்கம்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வருவோம். ஃபோர்ட் கேனிங் குன்றின் நிலத்தடித் தலைமையகத்தில் பெர்சிவல் தம் அதிகாரிகளைக் கூட்டினார். குண்டுகளால் குழாய்கள் உடைந்து நகரின் தண்ணீர் நிலைமை மோசமாகியிருந்தது. பீரங்கிக் குண்டுகளும் குறைந்துகொண்டிருந்தன. பேசுவதென்று முடிவானது. போனவர்கள் மூவர்: பிரிகேடியர் நியூபிகிங், காலனி அரசாங்கச் செயலாளர் ஃபிரேசர், மேஜர் சிரில் வைல்ட். வைல்ட் போருக்கு முன் ஜப்பானில் எண்ணெய் நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர், ஜப்பானிய மொழி தெரிந்தவர். அவர் இல்லாமல் மற்ற இருவரால் அந்தச் சாலையில் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க முடியாது.

காரில் கொடிகளோடு புக்கிட் தீமா சாலையில் போனார்கள். தங்கள் முன்வரிசைக்கு அப்பால் காரை விட்டு இறங்கி, இரு படைகளுக்கும் நடுவிலிருந்த வெற்றுச் சாலையில் சில நூறு கெஜம் நடந்தார்கள். என் மகளின் கேள்வி நிற்கும் இடம் அதுதான். காருக்குள் இருப்பவர் யாரென்று தெரியாது, வேகமாக வரும் வண்டி தாக்க வரும் வண்டி போலவே இருக்கும். நடந்து வருபவரின் கை தெரியும், முகம் தெரியும். அவருக்கு அவசரமில்லை என்பதும் தெரியும். அந்த மெதுநடைதான் சுடும் விரலுக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறது. முதுகுப்பக்கமும் பத்திரமாக இருக்க வேண்டும். தூதர் நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சொந்தப் படைக்காரன் ஒரு தோட்டா சுட்டுவிட்டால், முன்னாலிருப்பவன் அதைச் சூழ்ச்சி என்றுதான் எடுத்துக்கொள்வான். ஆகவே எதிரிக்குச் சொல்வதற்கு முன் தன் ஆட்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஜப்பானிய வீரர்கள் சுடவில்லை. மூவரையும் நிறுத்திக் காக்க வைத்தார்கள். பிறகு யமாஷிதாவின் அதிகாரி லெப்டினன்ட் கர்னல் சுகித்தா வந்தார். மாலை 4 மணிக்குச் சண்டையை நிறுத்துவோம், நகர மண்டபத்துக்கு உங்கள் பிரதிநிதிகளை அனுப்புங்கள், அங்கே பேசலாம் என்பது பிரிட்டிஷ் தரப்பு கொண்டுபோன செய்தி. சுகித்தா மறுத்துவிட்டார். பெர்சிவலே நேரில் வர வேண்டும், அவர் கையெழுத்துப் போடும்வரை தாக்குதல் நிற்காது என்றார்.

இதை வெறும் ஆணவம் என்று நான் நினைக்கவில்லை. யார் யாரிடம் நடந்து போகிறார்கள் என்பதே பேச்சின் பாதி. மேலும் ஜப்பானியர் மறைக்க வேண்டியது ஒன்று இருந்தது. தம் படை எண்ணிக்கையில் மிகச் சிறியது, நீண்ட சண்டை நடந்திருந்தால் தோற்றிருப்போம், சிங்கப்பூர் மீதான தாக்குதலே ஒரு பாசாங்குதான் என்று யமாஷிதா பிற்பாடு சொன்னார். வெடிமருந்தும் அவரிடம் தீர்ந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்டவர் இரு தரப்புத் தூதர்களும் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருக்க விடுவாரா? ஒவ்வொரு போக்குவரத்திலும் ஒரு ஜோடிக் கண்கள் அவருடைய படை வரிசைக்குப் பின்னால் பார்த்துவிடும். தூதரைச் சாலையிலேயே நிறுத்தி, ஒரே ஒரு செய்தியோடு திருப்பி அனுப்பியது அவருக்கு எல்லா வகையிலும் நல்லது.

திரும்பும்போது மூவரிடமும் ஒரு பெரிய ஜப்பானியக் கொடியைக் கொடுத்து அனுப்பினார்கள். பெர்சிவல் வரச் சம்மதித்தால் அதை கேத்தே கட்டடத்தின் உச்சியில் பத்து நிமிடம் காட்ட வேண்டும். அன்று சிங்கப்பூரின் மிக உயரமான கட்டடம் அதுதான். இந்த ஒரு விவரத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். தொலைபேசித் தொடர்பு இல்லாத இரு படைகள். பதில் சொல்ல இன்னொரு தடவை ஆளை அனுப்பினால் இன்னொரு தடவை உயிரைப் பணயம் வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக, தூரத்திலிருந்து பார்த்தாலே 'சரி' என்று புரியும் ஓர் அடையாளம். கொடி பறந்ததைப் பார்த்த நகர மக்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது தனிக் கதை.

இதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 14ஆம் தேதி, அதே ஊரில், அதே படைக்கு முன்னால் இன்னொரு வெள்ளைக் கொடி எழுந்தது. அலெக்சாண்டிரா ராணுவ மருத்துவமனையை நோக்கி ஜப்பானிய வீரர்கள் நெருங்கியபோது, ஓர் இளம் பிரிட்டிஷ் அதிகாரி வெள்ளைக் கொடியோடு பின்வாசலுக்குப் போனார். அவரைத் துப்பாக்கி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். பிறகு உள்ளே நுழைந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றார்கள். பின்வாங்கிய படையினர் மருத்துவமனைப் பக்கமிருந்து சுட்டதால் வந்த ஆத்திரம் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. அது விளக்கமாகலாம், நியாயமாகாது.

துணி ஒன்றுதான், வேறுபட்டதெல்லாம் துணியைச் சுற்றியிருந்தது. புக்கிட் தீமா சாலையில் கொடியை எதிர்பார்த்திருந்தார்கள். அங்கே மேலதிகாரிகள் பக்கத்தில் இருந்தார்கள், அவர்களுக்கு அந்தப் பேச்சு தேவையாகவும் இருந்தது. மருத்துவமனை வாசலில் ஓடிவந்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அவர்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரியும் இல்லை. கொடிக்குக் காப்பு கொடுப்பது சட்டம் என்று எழுதி வைத்திருக்கிறோம். நடைமுறையில் அந்தக் காப்பு மேலிருந்து கீழே கட்டளையாக இறங்கி, கடைசி வீரனின் காதுவரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

சில சமயம் யாரும் வஞ்சகம் செய்யாமலே இது உடையும். 1982இல் ஃபாக்லாந்துத் தீவுகளில் கூஸ் கிரீன் என்ற இடத்தில், அர்ஜென்டினா வீரர்கள் இருந்த ஒரு பகுதியில் வெள்ளைத் துணி தெரிந்தது. சரணடைவதை ஏற்க ஓர் இளம் பிரிட்டிஷ் அதிகாரி முன்னே போனார். அதைப் பற்றி ஒன்றும் தெரியாத வேறோர் இடத்திலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. பதிலுக்குச் சுட்டார்கள், அந்த அதிகாரி செத்துப்போனார். ஒரு பதுங்குகுழியில் எழும் கொடி அந்தக் குழியிலிருப்பவர்களுக்காக மட்டும்தான் பேசும். பக்கத்துக் குழியை அது கட்டுப்படுத்தாது. மறுநாள் அதே கூஸ் கிரீனில் பிரிட்டிஷ் தளபதி வேறு மாதிரி செய்தார். கைதிகளாகப் பிடிபட்டிருந்த அர்ஜென்டினா வீரர்கள் இருவரை வெள்ளைக் கொடியோடு அவர்களுடைய தளபதியிடமே அனுப்பிப் பேச அழைத்தார். தளபதியோடு தளபதி பேசினார், அங்கிருந்த முழுப் படையும் ஆயுதத்தைக் கீழே வைத்தது.

தமிழில் வெள்ளைக் கொடி என்று எழுதிவிட்டு முள்ளிவாய்க்காலைச் சொல்லாமல் போக முடியாது. 2009 மே மாதம், போரின் கடைசி மணி நேரங்களில், விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவைச் சேர்ந்த நடேசனும் புலித்தேவனும் சரணடைய முன்வந்தார்கள். பேச்செல்லாம் வெளிநாடுகளில் இருந்தவர்கள் வழியாகத் தொலைபேசியில் நடந்தது. வெள்ளைக் கொடியோடு நடந்து போகலாம் என்ற தகவலும் அப்படித்தான் போனது. அவர்கள் உயிரோடு திரும்பவில்லை. அங்கே நடந்தது என்ன என்பதில் இலங்கை அரசு சொல்வதும் மற்றவர்கள் சொல்வதும் வேறு வேறு. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் இதுவும் இடம்பெற்றது. எனக்கு உறுத்துவது இது: இரு தரப்பு அதிகாரிகளும் நடுச்சாலையில் முகம் பார்த்துப் பேசிய ஒரு சந்திப்புகூட அதற்கு முன் நடக்கவில்லை. கண்ணால் பார்த்திருக்க ஒரு நடுநிலையாளரும் அங்கே இல்லை.

மறுபடியும் புக்கிட் தீமா. மாலை 5 மணி தாண்டி பெர்சிவலின் குழு ஃபோர்டு தொழிற்சாலையை அடைந்தது. படத்தில் வெள்ளைக் கொடி வைல்டின் தோளில் இருக்கிறது, பிரிட்டிஷ் கொடி நியூபிகிங்கிடம். கூட நடப்பவர் சுகித்தா. தூதர் குழுவோடு எதிரியின் அதிகாரி ஒருவர் நடப்பது மரியாதைக்கு மட்டுமல்ல. அவர் கூட இருக்கும்வரை ஜப்பானிய வீரன் எவனும் சுடமாட்டான். அந்த நேரத்தில் கொடியைவிடப் பலமான காப்பு சுகித்தாதான்.

உள்ளே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பேச்சு. மொழிபெயர்ப்பு தடுமாறியது. யமாஷிதா பொறுமையிழந்து, சரணடைகிறீர்களா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று நெருக்கினார். இன்றிரவே தாக்குதல் இருக்கிறது என்றார். பெர்சிவல் தம் பங்குக்கு ஒன்றைப் பேசி வாங்கினார். நகரில் கொள்ளையும் குழப்பமும் நடக்காமலிருக்க 1,000 பிரிட்டிஷ் வீரர்கள் ஆயுதத்தோடு இருக்க அனுமதி. அதை யமாஷிதா ஒப்புக்கொண்டார். கையெழுத்து விழுந்தபோது மணி 6.10. ஆனால் சண்டை நிற்கும் நேரமாகக் குறிக்கப்பட்டது இரவு 8.30.

அருங்காட்சியகமாகிவிட்ட அந்தக் கட்டடத்துக்கு மகளோடு போனபோது நான் அவளுக்குக் காட்டியது இந்த இடைவெளியைத்தான். கையெழுத்துக்கும் அமைதிக்கும் நடுவே 2 மணி 20 நிமிடம். தீவு முழுக்கச் சிதறிக் கிடந்த இரண்டு படைகளில், ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒவ்வொரு பதுங்குகுழிக்கும் அந்தச் சேதி போய்ச் சேர வேண்டும். 'உடனே நிறுத்து' என்று எழுதியிருந்தால், சேதி கிடைத்தவன் நிறுத்துவான், கிடைக்காதவன் சுடுவான், சுடப்பட்டவன் ஏமாற்றிவிட்டார்கள் என்று திருப்பிச் சுடுவான். எல்லார் கடிகாரத்திலும் ஒரே நேரம் வரும்வரை காத்திருப்பது அதைவிட மேல். "அப்ப அந்த ரெண்டு மணி நேரத்துல செத்தவங்க?" என்றாள். பக்கத்திலிருந்த வழிகாட்டிப் பெண்மணி அவளைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றரை வருடம் கழித்து ஜப்பானியரின் முறை வந்தது. 1945 ஆகஸ்ட் 19ஆம் தேதி அவர்களுடைய தூதுக்குழு சரணடையும் ஏற்பாடுகளைப் பேச மணிலாவுக்குப் புறப்பட்டது. விமானத்தில் வெள்ளைக் கொடி பிடிக்க முடியாதே. அதனால் இரண்டு விமானங்களையும் முழுக்க வெள்ளையடித்து, பச்சைச் சிலுவை வரைந்து வரச் சொல்லியிருந்தது அமெரிக்கத் தரப்பு. ஒக்கினாவாவுக்கு அருகே ஈ ஷீமா தீவில் அவை இறங்கின. அங்கிருந்து அமெரிக்க விமானத்தில் மணிலாவுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் அந்தக் குழு பயந்தது அமெரிக்கர்களுக்கு மட்டுமல்ல. தோல்வியை ஏற்காத சொந்த நாட்டு விமானிகள் சுட்டு வீழ்த்திவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. பச்சைச் சிலுவை அவர்களுக்கும் நன்றாகவே தெரியும்.